404, 403, 500: கோளாறு யார் பக்கம்?

"சைட் வரல சார்" என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஸ்கிரீன்ல மூணு இலக்கத்துல ஏதாவது எண் தெரியுதா?" பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி எரிச்சலைத் தரும். வரவில்லை என்றால் வரவில்லைதானே, எண்ணில் என்ன இருக்கிறது என்பார்கள். எல்லாமே அந்த எண்ணில்தான் இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் இணையதளங்களைப் பராமரிக்கும் வேலைக்கு வந்தேன். அன்று முதல் இன்று வரை அந்த எண்கள் மாறவில்லை. எச்.டி.டி.பி. விதிகளை முதன்முதலில் முறையாக எழுதி வைத்த ஆர்.எஃப்.சி. 1945 என்ற ஆவணம் 1996 மே மாதம் வந்தது. 403, 404, 500 மூன்றும் அதிலேயே இருக்கின்றன. நான்கில் தொடங்கும் எண் வந்தால், வந்த கோரிக்கையில் ஏதோ சரியில்லை என்று சர்வர் சொல்கிறது. ஐந்தில் தொடங்கினால், கோரிக்கை சரிதான், என்னால்தான் முடியவில்லை என்று தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறது. சர்வர் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது பின்னால் படித்த பாடம்.

எண்ணே வரவில்லை என்றால் கதை வேறு. "This site can't be reached" என்றோ `DNS_PROBE_FINISHED_NXDOMAIN` என்றோ காட்டினால், அது உங்கள் பிரவுசர் தானாகச் சொல்வது. பதில் சொல்ல எதிர்முனையில் ஒருவரும் கிடைக்கவில்லை என்று பொருள். இணைய இணைப்பு அறுந்திருக்கலாம், தளத்தின் பெயரைத் தப்பாக அடித்திருக்கலாம், சர்வரே அணைந்து கிடக்கலாம். ஆனால் 404 வந்தால் உங்கள் இணைப்பு நன்றாக இருக்கிறது, அந்தப் பெயரில் ஒரு சர்வர் உயிரோடு இருந்து உங்களுக்குப் பதிலும் சொல்லியிருக்கிறது. 404 வந்ததும் வீட்டு மோடத்தை அணைத்துப் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மோடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு வந்த 404-களில் பெரும்பாலானவை பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சண்டைதான். பக்கங்களைத் தயாரிப்பது விண்டோஸ் கணினியில். அதற்கு `Catalogue.html`, `catalogue.html` இரண்டும் ஒன்று. ஏற்றி வைப்பதோ லினக்ஸ் சர்வரில். அதற்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. ஒரு ஜவுளி ஏற்றுமதியாளர் தன் விலைப்பட்டியலின் முகவரியைக் கண்காட்சிக்கான துண்டறிக்கையில் பெரிய C போட்டு அச்சடித்துவிட்டார். சர்வரில் இருந்தது சின்ன c. அலுவலகத்தில் இருந்த சோதனைக் கணினி விண்டோஸ் என்பதால் அங்கே எல்லாம் சரியாகத் திறந்தது. வெளிநாட்டிலிருந்து திறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் 404. அச்சடித்ததை மாற்ற முடியாது, ஆகவே சர்வரில் இரண்டு பெயரிலும் கோப்பை வைத்தோம். இன்றும் தளப் பெயருக்குப் பின்னால் வரும் பகுதியில் எழுத்தின் அளவு முக்கியம். தளப் பெயரில் எப்படி அடித்தாலும் ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் தன் பயனர்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, தளம் அனுப்பும் பிழைப் பக்கம் 512 பைட்டுக்குக் குறைவாக இருந்தால் அதைத் தூக்கிவிட்டுத் தன் சொந்தப் பக்கத்தைக் காட்டும். 404 வந்தவரும் 500 வந்தவரும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பக்கத்தைப் பார்ப்பார்கள். வாடிக்கையாளர் படித்துச் சொல்வதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் பிழைப் பக்கங்களில் வெற்று வாக்கியங்களைச் சேர்த்து 512-ஐத் தாண்டவைப்பது அன்று இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த தந்திரம்.

இப்போது வரும் 404-க்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, வாட்ஸப்பில் வரும் லிங்க். வாக்கியத்தின் முடிவில் போட்ட புள்ளியோ அடைப்புக்குறியோ முகவரியோடு ஒட்டிக்கொண்டு வரும், அல்லது நீளமான முகவரி பாதியில் உடைந்திருக்கும். முகவரியின் கடைசி எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மற்றது, பக்கம் உண்மையிலேயே போய்விட்டது. 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்குச் சொன்னது. தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிட வேண்டும். அதற்கு நேரமும் காசும் ஒதுக்கும் நிறுவனம் அபூர்வம். வேண்டுமென்றே நீக்கியதைச் சொல்ல 410 என்று தனி எண்ணே உண்டு. அதையும் அனுப்புவாரில்லை. ஆக, இருந்து போனதா, இனிமேல் வரப்போகிறதா, எப்போதுமே இல்லையா என்பதை 404 சொல்லாது. இந்த நொடியில் இந்த முகவரியில் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லும்.

அப்படி வந்தால் முகவரியை வலது பக்கத்திலிருந்து ஒவ்வொரு சாய்கோடு வரை அழித்துப் பார்க்கச் சொல்வேன். `/2019/circulars/fees.pdf` இல்லையென்றால் `/2019/circulars/`, அதுவும் இல்லையென்றால் `/2019/`. பல நேரம் நடுவில் ஒரு பட்டியல் பக்கம் அகப்படும். அகப்படாவிட்டால் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைக் கொடுத்துத் தேடலாம். இப்படி அழித்துக்கொண்டே போகும்போது நடுவில் 403 வந்தால் பயப்பட வேண்டாம். அந்த அடைவுக்கு முகப்புப் பக்கம் கிடையாது, உள்ளே இருக்கும் கோப்புகளைப் பட்டியலிடவும் சர்வருக்கு அனுமதி இல்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நீங்கள் எதையும் உடைக்கப் பார்த்ததாக அர்த்தம் ஆகாது.

மூன்று எண்களும் ஒரே நாளில், ஒரே தளத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வந்ததை ஒரு தேர்வு முடிவு நாளில் பார்த்தேன். 2012 மே மாதம். அது ஒரு பல்கலைக்கழகம். முடிவுகள் காலை பத்து மணிக்கு என்று அறிவித்து முகவரியையும் செய்தித்தாளில் கொடுத்திருந்தார்கள். எட்டரைக்கே பதிவேடு இப்படி ஓட ஆரம்பித்தது:

```
203.0.113.25 - - [22/May/2012:08:31:07 +0530] "GET /result.html HTTP/1.1" 404 1042
```

வரிக்கு வரி இதே 404. "பேப்பர்ல தப்பான அட்ரஸ் போட்டுட்டாங்க" என்று அலுவலகத்துக்கு விடாமல் போன். முகவரி சரிதான், கோப்பைத்தான் இன்னும் வைக்கவில்லை. அதைவிட வேடிக்கை பத்து மணிக்குப் பிறகு நடந்தது. சில கல்லூரிக் கணினி மையங்களில் மட்டும் 404 போகவே இல்லை. அங்கே எல்லாக் கணினிகளும் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி வழியாக இணையத்துக்குப் போகும். அதன் பழைய பதிப்புகள், கிடைக்கவில்லை என்ற பதிலையும் ஐந்து நிமிடம் ஞாபகத்தில் வைத்திருக்கும். ஒருவர் வாங்கிய 404-ஐ அடுத்து வந்த அத்தனை பேருக்கும் அது எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர்களை `Ctrl+F5` அடிக்கச் சொன்னதும் அந்தப் பழைய 404 போனது. சேமித்ததைக் கொடுக்காதே, நேரே போய்க் கேட்டு வா என்ற குறிப்பு அதோடு சேர்ந்து போகும்.

பத்து மணிக்குக் கோப்பை வைத்தார்கள். மற்ற எல்லாருக்கும் உடனே எண் 403 ஆனது. "எங்களை எதுக்கு சார் தடுக்கிறாங்க? ஃபீஸ் பாக்கியா?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவனை யாரும் தடுக்கவில்லை. சர்வரில் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது:

```
-rw------- 1 root root 4096 May 22 09:58 result.html
chmod 644 result.html
```

முதல் வரியின் தொடக்கத்தில் இருக்கும் கோடுகளைப் பாருங்கள். கோப்பைப் படிக்கவும் எழுதவும் அதன் சொந்தக்காரருக்கு மட்டுமே அனுமதி. சொந்தக்காரரோ நிர்வாகிக் கணக்கு. பக்கங்களை வெளியே கொடுக்கும் அப்பாச்சி மென்பொருள் வேறொரு சாதாரணக் கணக்கில் ஓடுகிறது. கோப்பு இருப்பது அதற்குத் தெரிகிறது, திறந்து படிக்கத்தான் முடியவில்லை. அதனால் கேட்டவருக்கெல்லாம் 403. இரண்டாவது வரியை அடித்ததும் பக்கம் திறந்தது.

ஆக 403 என்றாலே உங்களை யாரோ தடுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் வெளியூர் நண்பருக்கும் அதே 403 வந்தால் கோளாறு தளத்தின் பக்கம்தான், அதன் முதல் இலக்கம் நான்காக இருந்தாலும் சரி. உங்களுக்கு மட்டும் வந்தால்தான் காரணத்தை உங்கள் பக்கம் தேட வேண்டும்.

பக்கம் திறந்த பிறகுதான் உண்மையான கூட்டம் உள்ளே வந்தது. பதிவெண்ணை அடித்தால் ஒரு பி.எச்.பி. நிரல் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் தேடி மதிப்பெண்ணைக் காட்டும் ஏற்பாடு. அந்தச் சர்வரில் இருந்த அப்பாச்சி ஒரே நேரத்தில் 256 பேர் வரை உள்ளே விடும். யாரும் யோசித்து வைத்த எண் இல்லை அது, மென்பொருளோடு வந்தது. மைஎஸ்க்யூஎல்லும் கூடவே கொண்டுவந்த ஓர் எண் வைத்திருந்தது: ஒரே நேரத்தில் 151 இணைப்பு. சாதாரண நாளில் முப்பது நாற்பது பேர் வருகிற தளத்தில் இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வாய்ப்பே வராது. அன்று வந்தது. உள்ளே நுழைந்த 256 பேரில் 151 பேருக்குத் தரவுத்தளம் கிடைத்தது. மிச்சம் நூற்றுச் சொச்சம் பேருக்குத் தரவுத்தளம் "Too many connections" என்று நிரலிடம் கைவிரித்தது, நிரல் அவர்களுக்கு 500-ஐ அனுப்பியது. 256-க்கு மேல் வந்தவர்கள் வெளியே வரிசையில் நின்று, நேரம் கடந்து, எண்ணே இல்லாத பக்கத்தைப் பார்த்தார்கள்.

ஒரே அறையில் மூன்று மாணவிகள் மூன்று கணினிகளில் உட்கார்ந்திருந்தால் ஒருத்திக்கு மதிப்பெண் வரும், ஒருத்திக்கு 500 வரும், இன்னொருத்திக்கு வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். அதிர்ஷ்டத்தைத் தவிர அதில் வேறு காரணம் கிடையாது. 500-ஐ 404-இலிருந்தும் 403-இலிருந்தும் பிரித்துக் காட்டும் அடையாளம் இதுதான். மற்ற இரண்டும் பெரும்பாலும் பிடிவாதமானவை, கேட்டபோதெல்லாம் அதே பதில். ஐந்து வரிசை எண்கள் வந்து வந்து போகும்.

வந்து போகும் என்பதாலேயே எல்லாரும் ரிஃப்ரெஷ் பொத்தானை அழுத்துகிறார்கள். அதனால் சர்வருக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பிரவுசரில் நீங்கள் கைவிட்ட பழைய கோரிக்கை அங்கே உடனே சாவதில்லை. நிரல் தரவுத்தளத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும்போது, கேட்டவர் போய்விட்டார் என்பது அதற்குத் தெரியாது. பதிலை வாங்கி அனுப்பப் போகும்போதுதான் ஆள் இல்லை என்று தெரியும். அதற்குள் உங்கள் இரண்டாவது, மூன்றாவது கோரிக்கைகள் இன்னும் இரண்டு இடங்களைப் பிடித்திருக்கும். ஒரு மாணவர் மூன்று பேருக்கான இடத்தை எடுத்துக்கொள்வார். அன்று கூட்டம் குறைய மதியம் ஆனது. இப்படி 500 வந்தால் ஐந்து நிமிடம் விட்டு ஒருமுறை, பிறகு இன்னும் அதிக நேரம் விட்டு ஒருமுறை முயல்வது உங்களுக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் நல்லது.

அடுத்த ஆண்டு வேறு வழியில் போனோம். முடிவு வெளியாகும் முந்தைய இரவே ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் ஒரு சின்னக் கோப்பைத் தயாரித்து அடுக்கினோம். தரவுத்தளத்தைக் கேட்கும் வேலையே கிடையாது, கேட்ட எண்ணின் கோப்பை எடுத்துக் கொடுப்பதோடு சர்வரின் வேலை முடிந்தது. 500 அறவே போய்விட்டது. 404-க்கும் ஒரு நேர்மையான பொருள் கிடைத்தது: அந்தப் பதிவெண்ணில் கோப்பு இல்லை, எண்ணைச் சரிபாருங்கள்.

ஆனால் முடிவு நிறுத்திவைக்கப்பட்ட மாணவர்களை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. அவர்களுடைய கோப்புகள் இருக்கின்றன, காட்டக் கூடாது. 403 கொடுப்பதுதான் முறை என்றார் எங்களில் ஒருவர். கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தோம். இல்லாத எண்ணுக்கு 404, நிறுத்தி வைத்த எண்ணுக்கு 403 என்றால், வகுப்பில் யார் யார் முடிவு நின்றிருக்கிறது என்பதை எண்களை வரிசையாக அடித்து எவரும் பட்டியல் போட்டுவிடலாம். மறுத்ததே ஒரு தகவலைக் கசியவிடுகிறது. கடைசியில் இரண்டுக்கும் 404 என்று முடிவு செய்தார்கள். அன்று ஒரு தகப்பனார் கூப்பிட்டார். "எம்பொண்ணு நம்பரே இல்லங்குதே சார், பரீட்சை எழுதினதே கணக்குல இல்லயா?" அவருக்கு என்னால் போனில் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அலுவலகத்தில் நேரில் கேளுங்கள் என்றுதான் சொன்னேன். மற்ற மாணவர்களிடமிருந்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றிய 404, அவள் வீட்டுக்கு ஒரு கெட்ட பொழுதைக் கொடுத்தது. அந்த முடிவு சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. மறைக்க விரும்பும் பக்கத்துக்கு 403-க்குப் பதில் 404 அனுப்பலாம் என்று எச்.டி.டி.பி. விதிகளே அனுமதிக்கின்றன. நிரலர்கள் வேலையைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில், உங்களுக்கு அனுமதியில்லாத தனியார் களஞ்சியத்தைத் திறந்தால் 404-தான் வரும். அனுமதியுள்ள கணக்கில் நுழைந்த பின் அதே முகவரி திறந்துகொள்ளும். ஆகவே அலுவலகத்தில் சக ஊழியர் அனுப்பிய லிங்க் அவருக்குத் திறந்து உங்களுக்கு 404 வந்தால், அவர் தப்பான லிங்க் அனுப்பிவிட்டார் என்று சண்டைக்குப் போகுமுன் நீங்கள் எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். தலைகீழாகவும் நடக்கும். அமேசானின் எஸ்3 கிடங்கில் இருக்கும் கோப்புகளில், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் பார்க்கும் உரிமை இல்லாதவர் இல்லாத கோப்பைக் கேட்டால் 404 வராது, 403 வரும். இருக்கிறதா இல்லையா என்பதையே சொல்ல மாட்டேன் என்கிறது அது. படமோ பி.டி.எஃப். கோப்போ 403 காட்டும்போது, பல நேரம் அது வெறுமனே அழிக்கப்பட்ட கோப்புதான்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதிகம் மாறியது 403-தான். முன்பு அது கோப்பின் அனுமதிக் கோளாறு, இல்லாவிட்டால் கடவுச்சொல் விவகாரம். இன்று தளங்களுக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் போன்ற காவல் சேவைகள் நிற்கின்றன. யார் வருகிறார், எந்த நாட்டிலிருந்து, எந்த ஐ.பி. முகவரியிலிருந்து, எத்தனை வேகத்தில் என்று பார்த்து அவை உள்ளே விடுகின்றன. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் உறவினர், ஊரில் உள்ள வீட்டு வரி கட்டத் தளத்தைத் திறந்து 403 வாங்கிக்கொண்டு எனக்குப் போன் செய்வார். அவர் கணக்கில் ஒரு கோளாறும் இல்லை. இந்தியாவுக்கு வெளியிலிருந்து வருவதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஊரிலிருக்கும் தம்பியைக் கட்டச் சொல்வது அதற்கு எளிய வழி.

உள்ளூரிலேயே வரும் 403 இன்னும் குழப்பமானது. மொபைல் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே ஐ.பி. முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. அவர்களில் ஒருவர் ஒரு தளத்தில் வம்பு செய்து அந்த முகவரி தடுக்கப்பட்டால், அதே முகவரியில் இருக்கும் நீங்களும் சேர்ந்து தடுக்கப்படுவீர்கள். வி.பி.என். போட்டிருந்தால் இதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம். அதனால்தான் 403 என்று யார் சொன்னாலும் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள், மொபைல் டேட்டாவில் இருந்தால் வைஃபைக்கு மாறுங்கள், வி.பி.என். இருந்தால் அணையுங்கள் என்கிறேன். மாறியதும் திறந்தால் தடை உங்கள் இணைப்புக்குத்தான். மாறியும் திறக்காவிட்டால் பிரவுசரின் தனிச் சாளரத்தில் திறந்து பாருங்கள், கெட்டுப்போன பழைய குக்கீ காரணமாக இருந்தால் அங்கே தெரிந்துவிடும். அதிலும் 403 என்றால் அதோடு விட்டுவிடுவது நல்லது. திரும்பத் திரும்பத் தட்டினால் காவல் மென்பொருளுக்கு உங்கள் மேல் சந்தேகம்தான் கூடும்.

ஐந்து வரிசையில் இன்று 500-ஐவிட 502, 503, 504 ஆகியவைதான் அதிகம் கண்ணில் படுகின்றன. உங்களோடு பேசும் முன்வரிசைச் சர்வர் ஒன்று, உண்மையில் வேலை செய்யும் பின்வரிசைச் சர்வர் வேறொன்று என்று ஆகிவிட்டதால் இவை அதிகமாகிவிட்டன. ஓட்டலில் ஆர்டர் எடுப்பவரும் சமையற்கட்டும் போல. 502 என்றால், உள்ளே இருந்து அவருக்கு உருப்படியான பதில் வரவில்லை. 503 என்றால், இப்போது முடியாது, கூட்டம் அதிகம் அல்லது பராமரிப்பு நடக்கிறது, பிறகு வாருங்கள் என்று அர்த்தம். 504 என்றால், காத்திருந்து பார்த்துவிட்டு, இனி முடியாது என்று அவர் உங்களிடம் திரும்பி வந்துவிட்டார்.

504-ஐப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு போவது இதில்தான். என்ஜின்எக்ஸ் என்ற முன்வரிசை மென்பொருள், யாரும் மாற்றாமல் விட்டால், பின்வரிசை பேசாமல் இருப்பதை 60 நொடி பொறுத்துக்கொள்ளும். அதன் பிறகு உங்களுக்கு 504 கொடுத்துவிடும். பின்வரிசை அந்த வேலையை நிறுத்திவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு கல்லூரியின் கட்டணத் தளத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். கடைசி நாள், கூட்டம், வங்கியிலிருந்து பதில் வரத் தாமதம். 60-ஆவது நொடியில் மாணவருக்கு 504. எழுபதாவது நொடி வாக்கில் வங்கி பதில் சொல்லி, பின்வரிசையில் கட்டணம் கட்டியாகிவிட்டது என்று பதிவும் ஆகிவிட்டது. திரையில் பிழையைப் பார்த்த மாணவர் ரிஃப்ரெஷ் அடித்தார். குரோம் பிரவுசர் "Confirm Form Resubmission" என்று கேட்டது, அவர் தொடரச் சொன்னார். மறுபடியும் கட்டணம். அன்று மாலை அந்தக் கல்லூரிக் கணக்கில் இரண்டு முறை கட்டியவர்கள் வரிசையாக இருந்தார்கள். பணம் திரும்பி வந்தது, ஆனால் வாரக்கணக்கில் இழுத்தது.

அந்தப் பெட்டி கேட்பது, முன்பு அனுப்பியதையே அப்படியே மறுபடி அனுப்பட்டுமா என்று. பணம் கட்டும் பக்கத்திலோ, விண்ணப்பம் சமர்ப்பிக்கும் பக்கத்திலோ, ரயில் டிக்கெட் எடுக்கும் பக்கத்திலோ ஐந்து வரிசை எண் வந்தால் அந்தப் பெட்டிக்குச் சம்மதம் சொல்லாதீர்கள். பக்கத்தை மூடுங்கள். வங்கியின் குறுஞ்செய்தி வந்ததா, கணக்கில் பணம் குறைந்ததா என்று பாருங்கள். அந்தத் தளத்துக்கு முகப்பு வழியாகப் புதிதாக நுழைந்து, உங்கள் முந்தைய பரிவர்த்தனைகள் பட்டியலில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் இல்லை என்றால் மட்டும் மறுபடி கட்டுங்கள். பணம் குறைந்து பட்டியலில் ஏறவில்லை என்றால் குறிப்பு எண்ணை எடுத்துக்கொண்டு புகார் செய்யுங்கள், இரண்டாவது முறை கட்டாதீர்கள். 404-இலும் 403-இலும் பெரும்பாலும் இந்த ஆபத்து இல்லை, அங்கே வேலை தொடங்கியிருக்கவே வாய்ப்புக் குறைவு.

இப்போதைய வடிவமைப்பாளர்கள் எண்ணைக் காட்ட வெட்கப்படுகிறார்கள். சோகமாக நிற்கும் ஒரு பொம்மைப் படத்தையும் "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது" என்ற வரியையும் போட்டுவிடுகிறார்கள். 404-க்கும் அதே பொம்மை, 503-க்கும் அதே பொம்மை. இதைவிட மோசமானது, பக்கம் இல்லை என்று எழுத்தில் சொல்லிவிட்டு, எல்லாம் சரி என்று பொருள்படும் 200 எண்ணைப் பிரவுசருக்கு அனுப்புவது. தேடுபொறிகள் இதனால் வெற்றுப் பக்கங்களைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. பொம்மை வந்தால் முதலில் பிரவுசர் தாவலின் தலைப்பைப் பாருங்கள், பல நேரம் எண் அங்கே எட்டிப்பார்க்கும். கணினியாக இருந்தால் `F12` அழுத்தி `Network` பகுதியைத் திறந்துவிட்டுப் பக்கத்தை ஒருமுறை புதுப்பித்தால் முதல் வரியில் எண் தெரியும். பணம் கட்டும் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். கட்டளை அடித்துப் பழகியவர்களுக்கு ஒரு வரி போதும்:

```
curl -I https://example.com/result.html
```

முதல் வரியாகவே எண் வந்து நிற்கும். காவல் சேவைகள் சில, இப்படிக் கேட்டால் மட்டும் 403 தரும், ஆகவே பிரவுசரில் வருவதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தளத்தாருக்குப் புகார் எழுதும்போது நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள்: முழு முகவரி, திரையில் வந்த எண், நேரம் நிமிடக் கணக்கில், எந்த இணைப்பிலிருந்து பார்த்தீர்கள் என்பது. எங்களுக்கு நேரம்தான் மிக முக்கியம். பதிவேட்டில் லட்சக்கணக்கான வரிகள் இருக்கும். "காலையில" என்றால் தேட முடியாது, "10.42" என்றால் சீக்கிரமே உங்கள் வரியை எடுத்துவிடலாம். 500-ஆக இருந்தால் அதே நிமிடத்தில் பிழைப் பதிவேட்டில் உண்மையான காரணமும் இருக்கும். புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். யாரும் மாற்றி அமைக்காத சர்வர்களில் அந்தப் பதிவேடு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாக அழிந்துவிடும்.